முகமதிப்புக்கு மேல் கொடுத்து வாங்கிய பத்திரத்தை வங்கி திருப்பி அழைத்தால்

(ஒரு மாலைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2011 பிப்ரவரியில் பாரத ஸ்டேட் வங்கி பொதுமக்களுக்கென்று கடன் பத்திரம் வெளியிட்டது. ஒரு பத்திரத்தின் முகமதிப்பு 10,000 ரூபாய். அதில் 15 ஆண்டு பத்திரத்துக்குச் சில்லறை முதலீட்டாளருக்கு ஆண்டுக்கு 9.95 சதவீத வட்டி. நாட்டின் மிகப் பெரிய வங்கி 15 ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10 சதவீதம் தருகிறேன் என்றால் மக்கள் விடுவார்களா? விழுந்தடித்து வாங்கினார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அந்தப் பத்திரத்தைச் சந்தையில் ‘என்5’ என்றே அழைத்தார்கள். இங்கே இருக்கும் சிலரிடம் கூட அது இருந்திருக்கும்.

வெளியீட்டு ஆவணத்தில் ஒரு வரி இருந்தது. 10 ஆண்டு முடிந்ததும் வங்கி விரும்பினால் முகமதிப்பைக் கொடுத்து பத்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இதைத்தான் ‘கால் ஆப்ஷன்’ என்கிறார்கள். அதாவது, முதிர்வு 2026 மார்ச்சில். ஆனால் 2021 மார்ச்சிலேயே வங்கி கணக்கை முடித்துக்கொள்ளலாம். முடித்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு மட்டும்தான். “எனக்குப் பணம் வேண்டும், இப்போதே கொடு” என்று கேட்கும் உரிமை பத்திரம் வைத்திருப்பவருக்கு இல்லை.

2011-இல் 10,000 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு இந்த வரியால் பெரிய பாதகம் எதுவும் இல்லை. 10 ஆண்டு 9.95 சதவீதம் வாங்கினார், போட்ட பணம் அப்படியே திரும்பி வந்தது. அவரைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. நடுவில் சந்தையில் 11,000 ரூபாய் கொடுத்து வாங்கியவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒரே பத்திரம், ஒரே வங்கி, ஒரே வட்டி. ஆனால் அவர் கணக்கு முற்றிலும் வேறு.

முகமதிப்புக்கு மேல் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்கலாம். சந்தையில் வட்டி இறங்கினால் பழைய பத்திரத்தின் விலை ஏறும். புதிய பத்திரங்கள் 8 சதவீதம் தரும் நேரத்தில், ஆண்டுக்கு 995 ரூபாய் தரும் பத்திரத்தை யார் 10,000-க்கு விற்பார்கள்? 11,000 கேட்பார்கள். வாங்குபவரும் கணக்குப் பார்த்து, “1,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் வட்டியில் வந்துவிடும்” என்று கொடுப்பார். அந்தக் கூடுதல் 1,000 ரூபாய்தான் பிரீமியம். அது எத்தனை ஆண்டில் வட்டி வழியே திரும்ப வரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்குக்காக ஒரு முதலீட்டாளரை எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச்சில் அந்த ஆண்டுக்கான வட்டி பட்டுவாடா ஆன மறுநாள் இந்தப் பத்திரத்தை 11,000 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைப்போம். விலையும் வாங்கும் நாளும் வட்டி வரும் நாளும் நான் விளக்கத்துக்காக வைத்தவை. பத்திரத்தின் வட்டி விகிதமும், அழைப்பு, முதிர்வுத் தேதிகளும் உண்மை. முதிர்வுக்கு இன்னும் 8 ஆண்டு இருக்கிறது. வங்கி அழைக்கக்கூடிய நாளுக்கு 3 ஆண்டு.

விற்பவர் முதலில் சொல்வது, “இது 9.95 சதவீதப் பத்திரம்.” அந்த எண் 10,000-க்கு வாங்கியவருக்கு உரியது, 11,000 கொடுப்பவருக்கு இல்லை. அடுத்து, 995-ஐ 11,000-ஆல் வகுத்து 9.05 சதவீதம் என்பார். இதை ‘கரன்ட் யீல்டு’ என்கிறோம். இந்த எண்ணுக்குக் கடைசியில் 1,000 ரூபாய் குறைவாகத்தான் கைக்கு வரும் என்பது தெரியவே தெரியாது. பத்திரத்தை ஆயுள் முழுக்க விற்கவும் மாட்டேன், முதிரவும் முதிராது என்று வைத்துக்கொண்டால்தான் அதற்கு அர்த்தம்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர் ‘யீல்டு டு மெச்சூரிட்டி’ சொல்வார். 8 ஆண்டு 995 ரூபாய் வந்து, கடைசியில் 10,000 வந்தால், போட்ட 11,000-க்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூட்டு வட்டி கிடைத்ததாக ஆகும்? விடை 8.20 சதவீதம். இது நேர்மையான கணக்கு. ஆனால் 2026 வரை பத்திரம் உயிரோடு இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது.

வங்கி 2021-இலேயே அழைத்துக்கொண்டால்? வட்டி மூன்றே முறைதான் வரும். மூன்றாம் ஆண்டு 10,000 வரும். இந்தக் கணக்குக்குப் பெயர் ‘யீல்டு டு கால்’. விடை 6.20 சதவீதம்.

9.95, 9.05, 8.20, 6.20. ஒரே பத்திரத்துக்கு நான்கு எண்கள். கடைசி இரண்டுக்கும் நடுவே முழுதாக 2 சதவீதப் புள்ளி வித்தியாசம். வாங்கிய விலை மாறவில்லை, வட்டி மாறவில்லை, திரும்பி வரும் தொகையும் அதே 10,000. ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டும்தான் மாறியது.

இந்த 6.20 எங்கிருந்து வந்தது என்பதை ஒரு தடவை பேனா பிடித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. முதல் ஆண்டு உங்கள் முதலீடு 11,000. அதற்கு 6.20 சதவீதம் என்றால் 681 ரூபாய் (தசமத்தைச் சற்று நுணுக்கமாக 6.195 என்று எடுத்திருக்கிறேன்). ஆனால் கைக்கு வந்தது 995. மீதி 314 ரூபாய் என்ன? அது வருமானம் இல்லை. நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பிரீமியத்தில் ஒரு பகுதி, வட்டி என்ற பெயரில் உங்களிடமே திரும்பி வந்தது. இப்போது உங்கள் முதலீடு 10,686. இரண்டாம் ஆண்டு அதற்குரிய வருமானம் 662. 333 ரூபாய் உங்கள் பணம். மூன்றாம் ஆண்டு வருமானம் 641. 354 ரூபாய் உங்கள் பணம். 314, 333, 354 மூன்றையும் கூட்டிப் பாருங்கள், காசுகளை முழுமையாக்கியதில் வந்த ஒரு ரூபாய் போக 1,000. பிரீமியம் தீர்ந்தது, முதலீடு 10,000-இல் நிற்கிறது, வங்கி அதைக் கொடுத்து முடித்துக்கொள்கிறது.

8 ஆண்டுக் கணக்கில் இதே 1,000 ரூபாய் எட்டாகப் பிரிந்து கரையும். முதல் ஆண்டில் 93 ரூபாய்தான் பிரீமியத்துக்குப் போகும். 902 ரூபாய் வருமானமாக நிற்கும். 3 ஆண்டில் கரைக்கும்போது 314 போகிறது. வித்தியாசம் அவ்வளவும் இதில்தான்.

கணினி பக்கத்தில் இல்லையென்றால் மனக்கணக்காகவே நெருங்கிவிடலாம். பிரீமியத்தை ஆண்டுகளால் வகுங்கள். 1,000-ஐ 3-ஆல் வகுத்தால் 333. அதை 995-இலிருந்து கழித்தால் 662. வாங்கிய விலைக்கும் முகமதிப்புக்கும் சராசரி 10,500. 662-ஐ 10,500-ஆல் வகுத்தால் 6.30 சதவீதம். உண்மையான 6.20-க்கு மிக அருகில் வந்துவிட்டோம். இந்த வழி பிரீமியப் பத்திரத்துக்கு விடையைக் கொஞ்சம் கூட்டியே காட்டும்; அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். துல்லியமாக வேண்டுமென்றால் எந்த விரிதாளிலும் ஒரே வரி:

```
=RATE(3, 995, -11000, 10000)
=RATE(8, 995, -11000, 10000)
```

முதல் வரி 2021 வரை, இரண்டாவது 2026 வரை. வட்டி ஆண்டுக்கு ஒரு முறை வருவதால் இப்படி. அரையாண்டுக்கு ஒரு முறை வரும் பத்திரமென்றால் தவணைகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி, வட்டியைப் பாதியாக்கி, கடைசியில் வரும் விடையை 2-ஆல் பெருக்க வேண்டும்.

இந்த இடத்தில் முன்வரிசையிலிருந்து ஐயா ஒருவர் கை தூக்குகிறார். “அழைக்கலாம், அழைக்காமலும் போகலாம். அப்படியானால் இரண்டுக்கும் நடுவில், 7.2 என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டு விளைவுகளில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால் சராசரி எடுக்கலாம் ஐயா. இங்கே சீட்டுக் குலுக்குவதில்லை. வங்கி உட்கார்ந்து கணக்குப் பார்த்து, தனக்கு எது லாபமோ அதைச் செய்கிறது. வீட்டுக் கடன் வாங்கியவர் என்ன செய்கிறார்? பழைய கடன் 9.5 சதவீதம், இன்னொரு வங்கி 8 சதவீதத்துக்குத் தருகிறது என்றால் அங்கே வாங்கி இங்கே அடைத்துவிடுகிறார். வட்டி ஏறினால் பழைய கடனையே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். இந்தப் பத்திரத்தில் கடன் வாங்கியவர் பாரத ஸ்டேட் வங்கி. கடன் கொடுத்தவர் நீங்கள். அந்த வீட்டுக்காரர் இடத்தில் வங்கி நிற்கிறது.

ஆகவே வட்டி இறங்கியிருந்தால் அழைப்பார்கள், உங்களுக்கு 6.20. அந்த 10,000-ஐ மறுபடி முதலீடு செய்யப் போகும்போது சந்தையில் வட்டி குறைந்துதான் இருக்கும். வட்டி ஏறியிருந்தால் அழைக்கமாட்டார்கள், உங்களுக்கு 8.20. ஆனால் அப்போது சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். உங்கள் பணம் அங்கே போக முடியாமல் இங்கே கட்டுண்டு கிடக்கும். 8.20 உங்களுக்கு இனிக்கும் காலத்தில் அது கிடைக்காது. கிடைக்கும் காலத்தில் அது இனிக்காது. அதனால்தான் நடுவிலே ஒரு சராசரியை எடுத்து ஆறுதல் அடைய முடியாது என்கிறேன்.

நடந்தது என்ன? 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. 2021 தொடக்கத்தில் 10 ஆண்டு அரசுப் பத்திரமே 6 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. 2020-இல் பாரத ஸ்டேட் வங்கி புதிதாக வெளியிட்ட இரண்டாம் அடுக்கு மூலதனப் பத்திரங்களின் வட்டி 7 சதவீதத்துக்கும் கீழே. 7-க்குக் கீழே கடன் கிடைக்கும்போது 9.95 கொடுத்துக்கொண்டு இன்னும் 5 ஆண்டு யார் இருப்பார்? 2021 மார்ச்சில் அழைத்துக்கொண்டார்கள்.

வட்டி மட்டும் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. வங்கிப் பத்திரத்தில் இன்னொரு விசை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தப் பத்திரங்களை வங்கி வெறும் கடனாக வாங்கவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி வைத்திருக்க வேண்டிய மூலதனத்தில் இரண்டாம் அடுக்காகக் காட்டுவதற்காக வாங்கியது. விதி என்ன சொல்கிறது என்றால், முதிர்வுக்கு 5 ஆண்டுக்குக் குறைவாகப் போனதும் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொகையில் 20 சதவீதத்தை மூலதனக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். முதல் ஆண்டில் 80 சதவீதம்தான் செல்லும், அடுத்த ஆண்டில் 60, அப்புறம் 40. இப்போது தேதிகளைப் பாருங்கள். 15 ஆண்டு பத்திரம், 10 ஆண்டு முடிவில் அழைக்கும் உரிமை. சரியாக 5 ஆண்டு மீதி இருக்கும் நாள். 10 ஆண்டு பத்திரம் என்றால் 5 ஆண்டு முடிவில் அழைக்கும் உரிமை. அதிலும் 5 ஆண்டு மீதி. இந்தத் தேதியைத் தற்செயலாக வைக்கவில்லை. மூலதனமாகச் செல்லுபடி ஆவது குறையத் தொடங்கும் அன்றைக்கே வங்கி கைகழுவ வழி வைத்திருக்கிறது. முழு வட்டி கொடுத்து, பாதி மூலதனமாக மட்டும் பயன்படும் பத்திரத்தை எந்த வங்கியும் வைத்துக்கொள்ள விரும்பாது. அழைப்பதற்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மூலதனம் போதுமான அளவுக்கு இருக்கும் வங்கிக்கு அது பெரிய தடையாக இருப்பதில்லை.

ஆகவே இப்படிப்பட்ட வங்கிப் பத்திரத்தைக் கையில் எடுத்தால், முதிர்வுத் தேதியைப் பார்க்கும் முன் அழைப்புத் தேதியைப் பாருங்கள். பிரீமியம் கொடுத்து வாங்குகிறவருக்கு உண்மையில் அதுதான் முதிர்வுத் தேதி.

இனி ‘யீல்டு டு வொர்ஸ்ட்’. பெயர் பயமுறுத்துகிறது, காரியம் எளிது. கடன் வாங்கியவர் ஒழுங்காகப் பணம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டு, ஆவணம் அனுமதிக்கும் ஒவ்வொரு முடிவுத் தேதிக்கும் தனித்தனியாக யீல்டு கணக்குப் போடுங்கள். முதல் அழைப்புத் தேதிக்கு ஒன்று, அடுத்ததற்கு ஒன்று, முதிர்வுக்கு ஒன்று. அவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் யீல்டு டு வொர்ஸ்ட். நம் உதாரணத்தில் 8.20, 6.20 இரண்டில் குறைந்தது 6.20. அமெரிக்காவில் மாநிலம், நகராட்சி வெளியிடும் பத்திரங்களை விற்கும் தரகர், வாடிக்கையாளருக்குத் தரும் உறுதிச் சீட்டில் அழைப்பு, முதிர்வு இவற்றுள் குறைந்த யீல்டைத்தான் காட்ட வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. எம்எஸ்ஆர்பி என்ற அமைப்பின் ஜி-15 என்பது அந்த விதியின் எண். நம் ஊரிலும் அப்படி ஒரு பழக்கம் வேரூன்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்டியலில் வெறுமனே ‘யீல்டு’ என்று ஒரு எண் போட்டிருந்தால், எந்தத் தேதி வரை கணக்கிட்டது என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

அழைக்கும்போது தரும் தொகை முகமதிப்பேயாக இருந்து, நீங்களும் அதற்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தால், மோசமான தேதி எப்போதுமே முதல் அழைப்புத் தேதிதான். பிரீமியம் கரைய மிகக் குறைந்த கால அவகாசம் அதில்தான். முகமதிப்புக்குக் கீழே வாங்கியிருந்தால் இதற்கு நேர் எதிர். சீக்கிரம் அழைத்தால் உங்களுக்கு லாபம், முதிர்வு வரை இழுப்பதுதான் மோசம்.

ஆனால் அழைப்புத் தொகை படிப்படியாக இறங்கும் பத்திரங்களும் உண்டு. அமெரிக்கக் கம்பெனிப் பத்திரங்களில், குறிப்பாகத் தர மதிப்பீடு குறைந்தவற்றில், இது சாதாரணம். முதலில் அழைத்தால் முகமதிப்புக்கு மேல் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கூடுதல் குறைந்து கடைசியில் முகமதிப்பில் வந்து நிற்கும். 8 சதவீதப் பத்திரம், 8 ஆண்டு மீதி, 104-க்கு வாங்குகிறீர்கள் என்று வைப்போம். அடுத்த ஆண்டு அழைத்தால் 104 தருவார்கள், அதற்கடுத்த ஆண்டு 102, மூன்றாம் ஆண்டு 100. முதல் தேதிக்கு 7.69 சதவீதம் வருகிறது. முதிர்வு வரை போனால் 7.3, மூன்றாம் ஆண்டு அழைத்தால் 6.5 சதவீதம்தான். முதல் தேதியையும் கடைசித் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு நடுவில் உள்ளதை விட்டவர் உண்மையான அடிமட்டத்தைப் பார்க்கவே இல்லை. எல்லாத் தேதிகளுக்கும் போட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

மறுபடி என்5-க்கு வருவோம். இதே பத்திரத்தை 2020 மார்ச்சில் ஒருவர் அதே 11,000-க்கு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதிர்வுக்கு 6 ஆண்டு. யீல்டு டு மெச்சூரிட்டி 7.80 சதவீதம் என்று வரும். அந்த நாளில் அது மிக அழகான எண். ஆனால் அழைப்புக்கு ஓராண்டுதான் இருக்கிறது. ஓராண்டில் 995 வட்டியும் 10,000 அசலும் வந்தால் மொத்தம் 10,995. போட்டது 11,000. ஐந்து ரூபாய் நட்டம். 7.80 சதவீதம் என்று பட்டியல் சொல்லும் பத்திரம், ஓராண்டு காத்திருந்து போட்டதைவிடக் குறைவாகத் தருகிறது. எனக்குத் தெரிந்து இந்த வகைப் பத்திரங்களில் அதிக அடி விழுவது இங்கேதான். அழைப்புத் தேதி நெருங்க நெருங்க இரண்டு எண்களுக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போகும். பழைய விலையையே மனதில் வைத்திருப்பவருக்கு அது தெரிவதில்லை. சந்தையும் இதை அறியும். அதனால்தான் வட்டி எவ்வளவு இறங்கினாலும், அழைப்பு நெருங்கும் பத்திரத்தின் விலை மற்றப் பத்திரங்களைப் போல ஏறாமல், அழைப்புத் தொகையை நோக்கி மெல்ல இறங்கும். விலை ஏறவில்லையே, மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், காரணத்தை அழைப்பு விதியில் தேடுங்கள்.

விலை பற்றி இன்னொன்று. சில்லறை வர்த்தகத்துக்குப் பங்குச் சந்தைத் திரையில் தெரியும் பத்திர விலையில், கடைசி வட்டி நாளுக்குப் பிறகு சேர்ந்த வட்டியும் கலந்திருக்கும். வட்டி பட்டுவாடா ஆகி 11 மாதம் கழித்து 11,500 என்று தெரிகிறது என்றால் அதில் ஏறத்தாழ 912 ரூபாய் சேர்ந்த வட்டி. உண்மை விலை 10,588 தான். வட்டிக்கான பதிவுத் தேதி கடந்ததும் திரை விலை தடாலென்று இறங்கும். பத்திரம் மலிந்துவிடவில்லை, வட்டி வெளியே போயிருக்கிறது. பிரீமியம் எவ்வளவு என்று கணக்கிடும் முன் இந்த வட்டியைக் கழித்துவிட வேண்டும். தரகர் வழியே நேரடியாகப் பேசி வாங்கும்போது விலையைத் தனியாகவும் சேர்ந்த வட்டியைத் தனியாகவும் சொல்வார்கள். எது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வருமான வரியைச் சேர்த்தால் நிலைமை இன்னும் கடினம். ஆண்டுதோறும் வரும் 995-இல் 300 ரூபாய்க்கு மேல் நம் சொந்தப் பணம் திரும்பி வருகிறது என்று பார்த்தோம் அல்லவா? வரித்துறை அப்படிப் பார்ப்பதில்லை. தனிநபர் முதலீட்டாளருக்கு 995 முழுவதும் வட்டி வருமானம். அது முழுவதற்கும் அவரவர் வரி விகிதப்படி வரி. கடைசியில் 11,000-க்கு வாங்கியதற்கு 10,000 வந்ததே, அந்த 1,000? அது மூலதன நட்டம். மூலதன ஆதாயத்தோடுதான் அதை ஈடுகட்ட முடியும், வட்டியோடு முடியாது. பங்கிலோ நிலத்திலோ பொருத்தமான ஆதாயம் இல்லாதவருக்கு அந்த நட்டத்தால் பயனில்லை. 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, மேல்வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், 995-இல் 696 ரூபாய் 50 காசு மிஞ்சும். அதை வைத்து 3 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 3.40 சதவீதம் வருகிறது. வங்கி வைப்பில் அதே 6.20 சதவீதம் கிடைத்தால் வரி போக 4.34 சதவீதம் நிற்கும். வரிக்கு முன் சமமாகத் தெரியும் இரண்டில், பிரீமியப் பத்திரம் வரிக்குப் பின் ஏறக்குறைய ஒரு புள்ளி பின்தங்குகிறது. ஓய்வூதியம் வாங்குபவர்கள், வட்டிக்கு வரி கட்டுபவர்கள் இதைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

யீல்டு டு வொர்ஸ்ட் என்ற பெயரை நம்பி, இதைவிட மோசமாக எதுவும் நடக்காது என்றும் நினைத்துவிடக் கூடாது. அழைப்புத் தேதிகளில் எது மோசம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. கடன் வாங்கியவர் கொடுக்காமல் போவது அதன் கணக்கில் இல்லை. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை நம் எல்லோருக்கும் தெரியும். 2020 நவம்பரில் அது டிபிஎஸ் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டபோது, அதன் இரண்டாம் அடுக்குப் பத்திரங்கள் 318.20 கோடி ரூபாய் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டன. வைப்புதாரர்களின் பணம் பத்திரமாக இருந்தது. இந்தப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கியின் முதல் அடுக்குக் கூடுதல் மூலதனப் பத்திரங்கள் 8,415 கோடி ரூபாய் தள்ளுபடியாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013-க்குப் பிறகு பாசல் 3 விதிப்படி வந்த வங்கி மூலதனப் பத்திரங்களில் இப்படித் தள்ளுபடி செய்யும் விதி எழுதப்பட்டிருக்கிறது. 2011-இல் வந்த என்5-இல் அது இல்லை. பழைய பத்திரத்தின் அனுபவத்தை வைத்துப் புதிய பத்திரத்தை எடை போட முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்வரிசையிலிருந்து அம்மா ஒருவர், “அப்படியானால் முகமதிப்புக்கு மேல் வாங்கவே கூடாதா?” என்று கேட்கிறார்கள்.

வாங்கலாம் அம்மா. விலை சரியாக இருந்தால் பிரீமியம் ஒரு குற்றமில்லை. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். விற்பவர் சொல்லும் விலைக்கு யீல்டு எவ்வளவு என்று கேட்பதற்குப் பதிலாக, நீங்கள் யீல்டை முடிவு செய்து விலையைக் கண்டுபிடியுங்கள். 3 ஆண்டுக்கு, இந்த வங்கியின் நம்பகத்தன்மைக்கு, எனக்கு 7 சதவீதம் வேண்டும் என்று முடிவு செய்தால்:

```
=PV(7%, 3, 995, 10000)
```

விடை 10,774 என்று வரும். போடும் பணம் என்பதால் முன்னால் ஒரு கழித்தல் குறி இருக்கும். 10,774 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும், வங்கி அழைக்கும் நாளில் உங்களுக்கு 7 சதவீதம் கிடைத்திருக்காது. அதற்குக் கீழே கிடைத்தால் வாங்குங்கள். வங்கி அழைக்காமல் விட்டால் கிடைக்கும் கூடுதல் யீல்டுக்காகத் தனியாக ஒரு ரூபாயும் தர வேண்டாம். 7 என்பதை உங்கள் வரிக்குப் பின் எவ்வளவு தேவை என்பதிலிருந்து நீங்களே முடிவு செய்யுங்கள். 3 என்ற இடத்தில் முதிர்வு வரை உள்ள ஆண்டுகளை யாராவது போட்டுக் கொடுத்தால், அழித்துவிட்டு அழைப்பு வரை உள்ள ஆண்டுகளைப் போடச் சொல்லுங்கள்.